எரேமியாவின் கடிதமும் 41ஆம் நாளும்

சில மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். நிறுவனங்களில் கணக்கு எழுதி, வரித் தாக்கல் செய்து, ஒன்பது ஆண்டுகள் அனுபவம் பெற்றவர். அவர் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டு அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. கையில் ஒரு சிறு நாட்காட்டி வைத்திருந்தார். அதில் 40 கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. வேறோர் இடத்தில் நடந்த உபவாச ஜெபக் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் அவர் தலையில் கை வைத்து, எரேமியா 29:11ஐச் சொல்லி, "இன்றிலிருந்து 40 நாளுக்குள் கர்த்தர் உனக்கு வாசலைத் திறப்பார்" என்று கூறியிருக்கிறார். அன்று 41ஆம் நாள். "பாஸ்டர், என் விசுவாசத்தில் எங்கே குறை?" என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்தக் கட்டுரையை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தப் பிரசங்கியாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. பல ஆண்டுகளுக்கு முன், வேலைக்காகக் காத்திருந்த ஒரு சகோதரிக்காக ஜெபித்துவிட்டு, "அடுத்த மாதம் நீ சாட்சி சொல்வாய்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வந்தது, போனது. அதற்கடுத்த மாதத்திலிருந்து அவள் ஆராதனைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். அவள் வீட்டுக்குப் போனபோது, "உங்களைப் பார்த்தால் நான் உங்களைப் பொய்யராக்கிவிட்டது போல இருக்கிறது, அதனால்தான் வரவில்லை" என்றாள். தவறு செய்தவன் நான். வெட்கத்தைச் சுமந்தவள் அவள். அன்றிலிருந்து வேலை தேடுகிறவர்களுக்கு முன் நின்று பேசும்போதெல்லாம் தேதி சொல்லாமலிருக்க என்னைக் காத்துக்கொள்கிறேன். அதற்கான காரணத்தையும், தேதிக்குப் பதிலாகச் சொல்லவேண்டியது எது என்பதையும், அந்த ஒரே வசனத்தை வைத்தே இங்கே சொல்ல முயல்கிறேன்.

எரேமியா 29:11ஐ நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வேலை தேடுகிற ஒருவர் இதை வாசிக்கும்போது "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்ற இடத்தில் அவர் கண் நின்றுவிடுகிறது. நான் எதிர்பார்த்திருப்பது அந்த நேர்காணலின் முடிவு, ஆகவே அதைத் தருவதாகத்தான் கர்த்தர் சொல்கிறார் என்று அவர் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை, ஏனென்றால் தமிழ் வாக்கியம் அப்படித்தான் ஒலிக்கிறது. எபிரெய மூலத்தில் அங்கே இருப்பவை "உம்" போட்டு இணைத்த இரண்டு சொற்கள். ஒன்று அகரீத், அதாவது பின்வருங்காலம் அல்லது கடைசியில் வருவது. மற்றொன்று திக்வா, அதாவது நம்பிக்கை. "உங்களுக்குப் பின்வருங்காலத்தையும் நம்பிக்கையையும் கொடுப்பேன்" என்பதே நேரான பொருள். நாம் மனத்தில் குறித்து வைத்திருக்கும் முடிவு எதுவோ அதையே தருவதாக அந்தச் சொற்கள் சொல்லவில்லை.

இன்னொரு இடறலும் நம் மொழியிலேயே இருக்கிறது. "உங்கள்பேரில்" என்ற சொல் தமிழில் பலரையும் குறிக்கும், மரியாதைக்காக ஒருவரையும் குறிக்கும். தனியறையில் உட்கார்ந்து வேதத்தைத் திறக்கிற ஒருவர், கர்த்தர் தன்னை மரியாதையோடு அழைத்துத் தன்னிடம் மட்டும் பேசுவதாக அதைப் படித்துவிட முடியும். மூலத்தில் அது ஐயத்துக்கு இடமில்லாத பன்மை. அது ஒரு கூட்டத்துக்கு எழுதப்பட்ட கடிதம். யார் அந்தக் கூட்டம் என்று தெரியாமல் இந்த வசனத்தை எடுத்துச் சுவரில் மாட்டுவது, வேறொரு குடும்பத்துக்கு வந்த கடிதத்தில் நடுவரியை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வதற்கு ஒப்பானது.

கி.மு. 597இல் பாபிலோனின் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, இளம் அரசன் எகொனியாவையும் அவனோடு ஒரு பெருங்கூட்டத்தையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அந்தக் கூட்டத்தில் பிரபுக்களும் பிரதானிகளும் மட்டும் இருக்கவில்லை. "தச்சரும் கொல்லரும்" என்று 29ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனம் தனியாகவே குறிப்பிடுகிறது. கைத்தொழில் தெரிந்தவர்கள், நேற்றுவரை தங்கள் ஊரில் தங்கள் பட்டறையில் தங்கள் பெயரோடு இருந்தவர்கள், இன்று யாரும் தங்களை அறியாத இடத்தில் நிற்கிறார்கள். வேலையை இழந்தவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. தொழில் கையில் இருக்கும், அதைப் பயன்படுத்தும் இடம் மட்டும் இருக்காது.

அவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்துக்கு முந்திய அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அதைச் சொல்லாமல் 29ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிப்பதை நான் விட்டுவிட்டேன். அனனியா என்னும் ஒரு தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் கேட்க, இரண்டு ஆண்டுகளுக்குள் எகொனியாவும் சிறைப்பட்டுப் போன அனைவரும் திரும்பி வருவார்கள் என்று அறிவிக்கிறான். எரேமியா அப்போது அடிமைத்தனத்துக்கு அடையாளமாகத் தன் கழுத்தில் ஒரு மரநுகத்தை அணிந்துகொண்டு நிற்கிறார். அவர் சொல்லும் முதல் பதில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பது. இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. நல்ல செய்தி பொய்யாகட்டும் என்று எரேமியா விரும்பவில்லை. அவருக்கும் அவர்கள் திரும்பி வரவேண்டும் என்ற ஏக்கம் இருந்தது. ஆனால் ஏக்கத்தை அவர் வாக்குத்தத்தம் என்று அறிவிக்கவில்லை. சமாதானத்தை முன்னறிவிக்கிற தீர்க்கதரிசியின் சொல் நிறைவேறும்போதுதான் அவன் அனுப்பப்பட்டவன் என்று விளங்கும் என்று மட்டும் சொல்கிறார். அனனியாவோ அந்த நுகத்தை எடுத்து எல்லோர் கண்ணுக்கும் முன்பாக உடைத்துப் போடுகிறான். கூட்டத்துக்கு அந்தக் காட்சி எவ்வளவு பிடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எரேமியா அங்கேயே வாதாடாமல் தன் வழியே போகிறார். பிறகுதான், மரநுகத்தின் இடத்தில் இருப்புநுகம் வரும் என்ற வார்த்தை அவருக்கு உண்டாகிறது.

அனனியா சொன்ன இரண்டு ஆண்டுகளில் யாரும் திரும்பவில்லை. ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் எருசலேமே இடிக்கப்பட்டது. எரேமியா தன் கடிதத்தில் எழுதிய எண் 70. கி.மு. 539இல் பெர்சியாவின் கோரேசு பாபிலோனைப் பிடித்த பிறகே திரும்பிப் போக அனுமதி கிடைத்தது. அப்படியானால், "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்ற வரியைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த அந்நிய மண்ணிலேயே இறந்திருப்பார்கள். நாம் மிகவும் விரும்பிச் சொல்லும் வாக்குத்தத்தம், அதைக் கேட்ட பலர் தம் வாழ்நாளில் நிறைவேறக் காணாத வாக்குத்தத்தம். இதை முதன்முறை நான் பிரசங்கத்தில் சொன்னபோது, ஆராதனை முடிந்து ஒரு மூத்த சகோதரர் வந்து, "வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு இதையா சொல்வது? அவர்கள் மனம் உடைந்துவிடாதா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் கண்டவரையில், மனம் உடைவது 40ஆம் நாளுக்குப் பிறகுதான். இது நீளக்கூடும் என்று முன்னமே கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, அப்படியானால் இப்போது என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள்.

அந்தத் தம்பியோடு இந்த இரண்டு அதிகாரங்களையும் உட்கார்ந்து வாசித்தேன். அனனியாவின் இரண்டு ஆண்டுகள் என்ற இடம் வந்ததும் அவர் நாட்காட்டியை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். 29ஆம் நாளன்று ஒரு நிறுவனத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. விடுப்பில் போகும் ஒருவருக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு மட்டும் கணக்குப் பிரிவில் வேலை. திறக்கப்போகும் வாசல் இதுவாக இருக்காது, இதை ஏற்றுக்கொண்டால் வரவிருப்பதைத் தவறவிட்டுவிடுவேன் என்று எண்ணி அவர் மறுத்துவிட்டார். அந்த 40 நாட்களில் புதிதாக ஒரு விண்ணப்பம்கூட அனுப்பவும் இல்லை. அனுப்பினால் வாக்கை நம்பாதது போலாகும் என்று நினைத்தார்.

தேதி சொல்லப்படுவதன் தீங்கை நான் இங்கேதான் காண்கிறேன். தேதி பொய்த்துப்போகிற நாளில் வரும் ஏமாற்றம் அதில் ஒரு பங்குதான். அதற்கு முன்பே அது அந்த மனிதரின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது, எதிரே நிற்கும் சிறிய வாசலைப் பார்க்கவொட்டாமல் செய்கிறது, கடைசியில் நடக்காததற்கான பழியையும் அவர் தலையிலேயே வைத்துவிட்டுப் போகிறது. வாக்குச் சொன்னவருக்கு அதில் எந்த நட்டமும் இல்லை. ஆகையால், யாராவது உங்களிடம் நாள் குறித்துச் சொன்னால், அந்த நாள் பொய்த்துப்போனால் விலை கொடுக்கப்போவது யார் என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். விலை முழுவதும் உங்களுடையதாக இருந்தால், அந்தச் சொல்லை எரேமியா செய்ததுபோல "அப்படியே ஆகட்டும்" என்ற விருப்பமாக மட்டும் ஏற்றுக்கொண்டு, உங்கள் வேலையைத் தொடருங்கள்.

அதே கேள்வி பிரசங்க மேடைக்கு வெளியேயும் உதவும். தேதியை நம்பிக் காத்திருப்பவர்கள்தான் மோசடி செய்யும் வேலை முகவர்களின் கையில் எளிதாக அகப்படுகிறார்கள். நேர்காணல் இல்லாமலே வரும் நியமனக் கடிதம், இன்றே கட்டவேண்டிய பதிவுக் கட்டணம், மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுதல் ஆகியவை வாக்களிக்கப்பட்ட வாசலாகவே அவர்களுக்குத் தோன்றுகின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டின் 181ஆம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடமிருந்து கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. நாடுகள் விதிவிலக்குத் தரலாம் என்றாலும் கொள்கை அதுவே. வேலையைத் தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கே நின்று விசாரியுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

கடிதத்துக்கு வருகிறேன். 70 ஆண்டு என்று எழுதிய எரேமியா, அதுவரை உட்கார்ந்திருங்கள் என்று எழுதவில்லை. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். தோட்டம் நாட்டச் சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கனி தரும் மரம் நட்டவன் சில ஆண்டுகள் காத்திருக்கவேண்டும், ஆனால் அந்த ஆண்டுகளில் அவன் தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாது. தண்ணீர் ஊற்றுவதால் பருவம் முந்தி வந்துவிடவும் மாட்டாது. முயற்சிக்கும் காத்திருப்புக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இப்படிப்பட்டது. முயற்சி செய்தால் கிடைத்தே தீரும் என்று சொல்வதும் ஒருவகை அனனியாவின் பேச்சுதான். ஏனென்றால் கிடைக்காதவரைப் பார்த்து, நீ முயலவில்லை என்று அது சொல்லிவிடும்.

தண்ணீர் ஊற்றுவது என்றால் என்ன என்பதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. எனக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் அனுபவம் கிடையாது. ஆகவே ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகளாக ஆட்களைத் தேர்ந்தெடுத்துவரும் எங்கள் சபை மூப்பர் ஒருவரை அழைத்தேன். போதகர்கள் இதைச் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தெரியாத துறையில் ஜெபத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது அரைவேலை. மூப்பர் அந்தத் தம்பியிடம் அதுவரை அனுப்பிய விண்ணப்பங்களின் கணக்கைக் கேட்டார். கணக்கெழுதும் தொழிலாயிற்றே, அவரிடம் எல்லாம் குறிப்பில் இருந்தது. முதல் மூன்று மாதங்களில் 35 விண்ணப்பங்கள், அவற்றுக்கு ஐந்து நேர்காணல் அழைப்புகள். அடுத்த ஒன்பது மாதங்களில் 77 விண்ணப்பங்கள், அவற்றுக்கு இரண்டே அழைப்புகள், அதில் ஒன்று அவர் மறுத்த அந்த ஆறு மாத வேலை.

மூப்பர் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு விளக்கம் தந்தார். விண்ணப்பித்தும் அழைப்பே வரவில்லை என்றால், தடை விண்ணப்பத்திலோ நாம் தேர்ந்தெடுக்கும் இடங்களிலோ இருக்கிறது. நேர்காணலுக்கு எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது நீங்காது. அழைப்பு வந்து முதல் நேர்காணலோடு நின்றுபோகிறது என்றால், பேசும் விதத்திலோ வேலை அறிவிலோ பார்க்கவேண்டும். கடைசிச் சுற்றுவரை போய் நின்றுவிடுகிறது என்றால், பெரும்பாலும் நம்மைவிடச் சற்றே பொருத்தமான ஒருவர் இருந்திருப்பார், அல்லது சம்பளமோ முன்னாள் மேலாளரின் சொல்லோ குறுக்கே நின்றிருக்கும். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் "எல்லாம் அடைபட்டிருக்கிறது" என்று சொல்லிக்கொள்வதால்தான் ஒரு மனிதர் தன்னையே முழுவதும் குறையுள்ளவராக எண்ணத் தொடங்குகிறார் என்றார் அவர். நான் மேடையிலிருந்து பல பிரசங்கங்களில் சொல்ல முயன்றதை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

தம்பி சேமித்து வைத்திருந்த வேலை விளம்பரங்களில் 30ஐ எடுத்து இருவரும் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அவற்றில் முதன்மைத் தகுதி அவரிடம் இருந்தவை 11 மட்டுமே. மாதங்கள் செல்லச்செல்ல, கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரே விண்ணப்பத்தை அனுப்பத் தொடங்கியிருக்கிறார். ஏதாவது ஒன்றை அனுப்பிவிட்டால் அன்று முயன்றதாக மனம் ஆறுதல் அடைந்துவிடுகிறது. அது எனக்கும் புரிகிறது. தன்விவரக் குறிப்பில் கடைசி ஓராண்டு வெற்றிடமாக இருந்தது. அந்த வெற்றிடத்தைப் பார்க்கிறவர் தானே ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார், அது பெரும்பாலும் உண்மையைவிட மோசமானதாக இருக்கும் என்று மூப்பர் எச்சரித்தார். நிறுவனம் மூடப்பட்டது என்ற ஒரு வரி அதில் இல்லை. இடைக்காலத்தில் அவர் கற்றுக்கொண்ட புதிய கணக்கு மென்பொருள் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. மாதந்தோறும் எத்தனை பேருக்குச் சம்பளக் கணக்குப் போட்டார், எத்தனை கிளைகளின் வரித் தாக்கலைப் பார்த்தார் என்ற எண்கள் எங்குமே இல்லை. "கணக்குப் பணிகள்" என்ற இரண்டு சொற்கள்தான் இருந்தன.

அதன்பின் அவர் வாரத்துக்கு மூன்று விண்ணப்பங்கள் என்று வரையறுத்துக்கொண்டார், ஒவ்வொன்றையும் அந்த விளம்பரத்துக்கு ஏற்பத் திருத்தி அனுப்பினார். நேர்காணல் முடிந்து அவர்கள் சொன்ன நாள் கடந்தால் ஒருமுறை மரியாதையாக விசாரிப்பது, இன்னொரு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் ஏட்டில் "பதில் இல்லை" என்று எழுதி மூடிவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வாரத்தில் ஒருநாள் தன்னோடு முன்பு வேலை செய்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். வேலை கேட்பதற்காகவே என்றில்லாமல், அந்தத் துறையில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்பதற்காக. அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான் என்றார். வேலை இல்லாதபோது பழைய நண்பரின் எண்ணை அழுத்துவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பதை, வேலையில் இருப்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம்.

சபையின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கைக்கு ஆயத்தப்படுத்தும் வேலையை அவரிடம் கொடுத்தோம், அதற்குரிய ஊதியத்தையும் கொடுத்தோம். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். வேலை இல்லாத பிள்ளைகளிடம் "ஊழியம்" என்ற பெயரில் மணிக்கணக்கில் இலவசமாக வேலை வாங்கும் வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது, அது பாவம். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்ற வார்த்தை பிரசங்கிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டதாக நாம் நடந்துகொள்ளக் கூடாது. ஊதியம் வாங்கிச் செய்த வேலையாதலால் அதைத் தன்விவரக் குறிப்பில் அவரால் நேர்மையாக எழுத முடிந்தது.

14 வாரங்களில் 41 விண்ணப்பங்கள், நான்கு அழைப்புகள். முந்திய ஒன்பது மாதங்களைவிட இது மேல் என்றாலும், இந்தச் சிறிய எண்களைக் கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது. இந்த நான்கில் இரண்டு முதல் நேர்காணலோடு நின்றன. ஒன்று இறுதிச் சுற்றுவரை போய், வேறொருவர் தேர்வானார். நான்காவதற்கு இன்னும் பதில் வரவில்லை. இதை எழுதும் இந்த வாரம்வரை அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அந்த ஆறு மாத வேலை கையைவிட்டுப் போனது போனதுதான். இரண்டு சிறு நிறுவனங்களுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறார். வீட்டுச் செலவில் ஒரு பங்கு அதில் நடக்கிறது.

அப்படியானால் இவர் எதை நம்புகிறார்? இந்தக் கேள்வியை அவரே ஒருநாள் என்னிடம் கேட்டார், அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. நம் மொழியில் "வேலை வரும் என்று நம்புகிறேன்" என்றும் சொல்கிறோம், "அவரை நம்புகிறேன்" என்றும் சொல்கிறோம். வினைச்சொல் ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு செயல்கள். முதலாவது ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய கணிப்பு. நிகழ்ச்சி நடக்காதபோது அது சரிந்துபோகும். இரண்டாவது ஒருவரோடு உள்ள உறவு, நிகழ்ச்சி நடக்காத நாளில் அவரிடமே போய் "ஏன்?" என்று கேட்க அது இடம் தருகிறது. சங்கீதங்களில் பலவற்றுக்கு அந்தக் கேள்விதானே அடிப்படை? எபிரெயத்தில் திக்வா என்ற சொல்லுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. யோசுவா 2ஆம் அதிகாரத்தில் ராகாப் தன் சன்னலில் கட்டிவைத்த சிவப்பு நூற்கயிற்றுக்கு அந்தச் சொல்தான் வருகிறது. "கர்த்தருக்குக் காத்திரு" என்று 27ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில் வரும் வினைச்சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் கயிறு இருந்ததால் ராகாபின் ஊரில் முற்றுகை நேராமல் போகவில்லை. முற்றுகையின் நாட்களில் அது அந்தச் சன்னலில் கட்டப்பட்டிருந்தது. வேலை தேடும் உங்களுக்கு நான் சொல்லத் துணியும் நம்பிக்கை இவ்வளவுதான். தேவன் உங்களை நினைத்திருக்கிறார், அந்த நினைவுகள் தீமைக்கானவை அல்ல. எந்த நிறுவனம், எந்த மாதம், எந்தச் சம்பளம் என்பதை நான் அறியேன், அறிந்ததுபோல் உங்களிடம் பேசவும் மாட்டேன்.

சில நாட்களில் அந்தக் கயிற்றைப் பிடிக்கவும் பலம் இருக்காது. தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், எதிலும் மனம் ஒட்டாமல் போனால், இருப்பதைவிட இல்லாமல் போவது நல்லது என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், மருத்துவரிடம் போங்கள், அன்றே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். நான் கூடவே வந்திருக்கிறேன், பல போதகர்கள் வருவார்கள்.

எங்கள் சபையில் நாங்கள் மாற்றிக்கொண்ட ஒன்றையும் சொல்லவேண்டும். சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவர்கள் மட்டுமே எழுந்து பேசிவந்தார்கள். கிடைக்காதவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள் என்பதால், ஜெபித்த அனைவருக்கும் கிடைத்துவிட்டது, எனக்கு மட்டும்தான் இல்லை என்று உட்கார்ந்திருப்பவர் எண்ணிக்கொள்வார். இப்போது சாட்சி சொல்கிறவர்களிடம், எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், யார் உங்களுக்கு உதவினார்கள், எத்தனை இடத்தில் மறுக்கப்பட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். காத்திருப்பவர்களும் எழுந்து பேசலாம் என்று அறிவித்தோம். மூன்று வாரங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

நான்காம் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி எழுந்தார். கையில் நாட்காட்டி இல்லை, கணக்கேடு இருந்தது. "எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. 15 மாதம் முடிந்துவிட்டது. இந்த வாரம் மூன்று விண்ணப்பம் அனுப்பினேன், ஒரு பழைய நண்பரோடு பேசினேன். எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு நிமிடம் சபையில் சத்தமே இல்லை. ஆராதனை முடிந்து வாசலில் நான் நின்றிருந்தபோது, அவரைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் எட்டு மாதமாக வேலையில்லாமல் இருப்பது அவருடைய போதகராகிய எனக்கே அன்றுவரை தெரியாது. இப்போது அவர்கள் நால்வரும் செவ்வாய்க்கிழமை மாலைகளில் சபையின் பின்னறையில் கூடுகிறார்கள். மூப்பர் முடிந்தபோது வருகிறார். மேசைமேல் நான்கு ஏடுகள் திறந்திருக்கும், ஒருவருடைய விண்ணப்பத்தை மற்றவர் படித்துத் திருத்துவார், முடிக்கும்போது 27ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசிப்பார்கள். போன வாரம் ஐந்தாவதாக ஒரு சகோதரி வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போதவில்லை என்று அந்தத் தம்பி தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றபடியே அவருடைய விளம்பரங்களைப் படிக்கத் தொடங்கினார்.